முன்காலில் ஒரு விரல் வலி: பயிற்சி அகாடமியின் முதல் பத்து வாரம்

மார்ச்சிலும் செப்டம்பரிலும் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் நிறைவு அணிவகுப்புப் படம் செய்தித்தாளில் வரும். தொப்பிகள் வானத்தில் பறக்கும், அம்மாவும் அப்பாவும் பிள்ளையின் தோளில் நட்சத்திரம் குத்துவார்கள். நான் ராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற எலும்பு மருத்துவர். என்னிடம் வரும் பெற்றோர்களுக்கு அந்தக் கடைசி நாளைப் பற்றி எல்லாம் தெரியும். முதல் பத்து வாரத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. கேடட்கள் அதிகமாக உடைவது அப்போதுதான். உடைவது என்று நான் சொல்வது எலும்பை.

1962 சீனப் போருக்குப் பிறகு அதிகாரிகள் தட்டுப்பாடு வந்தபோது, 1963இல் தொடங்கப்பட்ட பள்ளி இது. 1988இல் அகாடமி என்று பெயர் மாறியது. 1992 முதல் பெண்களுக்கும் இங்கே பயிற்சி உண்டு. வருகிறவர்கள் பெரும்பாலும் பட்டதாரிகள். பயிற்சி 49 வாரம், இரண்டு பருவம். டேராடூன், புனே ராணுவ அகாடமிகளில் காலம் கூடக்குறைய இருக்கும். ஆனால் நான் சொல்லப்போவது எல்லா இடத்துக்கும் பொருந்தும், ஏனென்றால் எலும்பு எல்லோருக்கும் ஒன்றுதான்.

நாள் எப்படிப் போகும்? விடியும் முன்பே எழுந்தாக வேண்டும். முகச்சவரம் செய்து, படுக்கையை மடித்து, உடுப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல் வரிசையில் நிற்க வேண்டும். உடற்பயிற்சி முடிந்து மூச்சு வாங்குவதற்குள் உடுப்பை மாற்றிக்கொண்டு டிரில் மைதானம். இலங்கையில் உயிர்த்தியாகம் செய்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இங்கே பயின்றவர். அந்த மைதானத்துக்கு அவர் பெயர்தான். டிரில்லில் முழங்காலை இடுப்பளவு தூக்கி, கனத்த பூட்ஸின் குதிகாலைத் தரையில் ஓங்கி அடிக்க வேண்டும். சத்தம் ஒரே சத்தமாகக் கேட்கும்வரை பயிற்றுநரான உஸ்தாத் விடமாட்டார். அப்புறம் ஆயுதப் பயிற்சி, வரைபடம் படித்தல், போர்த்தந்திர வகுப்பு. வகுப்பில் தூங்கி விழாத கேடட்டை நான் பார்த்ததில்லை. மாலையில் விளையாட்டு, இரவில் பூட்ஸுக்குப் பாலீஷ், மறுநாளுக்கான வேலை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சாவகாசமாக நடந்து போவது என்பது ஜூனியர் பருவத்தில் கிடையாது. ஓட்டம் அல்லது சைக்கிள்.

இது கால அட்டவணையில் இருப்பது. அட்டவணையில் இல்லாதது ‘ரகடா’. ஒருவர் தாமதமாக வந்தால் மொத்தக் குழுவுக்கும் தண்டனை: உருளுவது, தவளை போலத் தாவுவது, துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஒழுக்கத்துக்கு இது தேவையா என்பதை நான் பேசப்போவதில்லை. மருத்துவக் கணக்கில் அது கூடுதல் சுமை, எந்தப் பதிவேட்டிலும் வராத சுமை. ஒரு கேடட் வாரத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடினான் என்று பயிற்சித் திட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

சரி, எலும்புக்கு வருவோம். அதிகச் சுமை வந்தால் எலும்பு தன்னைத் தானே பலப்படுத்திக்கொள்ளும். ஆனால் அதற்கு அது முதலில் பழைய எலும்பை அரித்து எடுக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். அரிப்பது சில வாரங்களில் நடந்துவிடும். புது எலும்பு உறுதிப்பட மூன்று மாதம் பிடிக்கும். இடைவெளியில், அதாவது ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை, எலும்பு வந்த நாளில் இருந்ததைவிட பலவீனமாக இருக்கும். அதே வாரங்களில்தான் தசையும் மூச்சும் தேறி, கேடட்டுக்குத் ‘தேறிவிட்டேன்’ என்ற நம்பிக்கை வருகிறது. பயிற்சியும் அப்போதுதான் கூடுகிறது. முதுகுப் பையும் துப்பாக்கியுமாக 5 கிலோமீட்டர் ஓட்டத் தேர்வு, பிறகு 10, 20, 30 என்று நீளும் ஓட்டங்கள். அரித்த இடத்தில் மயிரிழை விரிசல் விழுகிறது. இதைத்தான் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்கிறோம். கேடட்களிடம் அதிகம் வருவது முழங்காலுக்குக் கீழே, முன்காலின் பெரிய எலும்பில், அடுத்துப் பாத எலும்புகளில்.

ஒரு பயிற்சி நிலையத்தில் நான் பார்த்த ஒரு கேடட்டைச் சொல்கிறேன். பொறியியல் படித்தவர், கல்லூரியில் கிரிக்கெட் ஆடியவர், ராணுவத் தேர்வு வாரிய நேர்முகத்துக்காகக் கொஞ்ச நாள் ஓடியதைத் தவிர ஓட்டப் பழக்கம் இல்லை. நான்காம் வாரம் வலது முன்காலின் உள்பக்கம் வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் போய்விடும். அறைத் தோழனிடம் வலி மாத்திரை இருந்தது. ஆறாம் வாரம் வலி ஓட்டம் முடிந்த பிறகும் நின்றது. உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட் போட்டு, மருத்துவப் பரிசோதனை அறையான எம்.ஐ. ரூமுக்கு வந்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. டிரில்லும் உடற்பயிற்சியும் வேண்டாம், வகுப்புக்கு மட்டும் போகலாம் என்று சில நாளுக்கு ‘அட்டெண்ட் பி’ எழுதிக் கொடுத்தார்கள். வலி குறைந்தது, திரும்பிப் போனார். அடுத்து 10 கிலோமீட்டர் ஓட்டம். நிறுத்தாமல் முடித்தார், முடித்த இரவு படுக்கையிலும் வலி. மறுநாள் என்னிடம் வந்தபோது எலும்பின் மேல் ஒரு விரலை வைத்து இந்த இடம் என்று காட்டினார். எம்.ஆர்.ஐ.யில் விரிசல் எலும்பின் பாதிவரை போயிருந்தது. ஊன்றுகோல், பிறகு மருத்துவ விடுப்பு, அந்தப் பருவம் போயிற்று. ஆறு மாதம் பின்தங்கி அடுத்த அணியோடு மறுபடி தொடங்கி, அதிகாரியானார்.

இதில் கவனிக்க வேண்டியது எக்ஸ்ரே. முதல் இரண்டு மூன்று வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அதனால் எக்ஸ்ரே சுத்தம் என்றால் எலும்பு சுத்தம் என்று பொருள் இல்லை. விரல்தான் நல்ல சோதனை. எலும்பின் உள்விளிம்பு நெடுக, ஒரு சாண் அளவுக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் எலும்பைச் சுற்றிய சவ்வின் எரிச்சல், ஓட்டத்தைக் குறைத்தால் ஆறிவிடும். ஒரே புள்ளியில், ஒரு விரலால் மூடிவிடக்கூடிய இடத்தில் அழுத்தினால் துடித்தால், அல்லது அந்தக் காலில் மட்டும் நின்று குதிக்க முடியாவிட்டால், விரிசல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எம்.ஆர்.ஐ. வரும்வரை ஓட்டம் கிடையாது. தொடை இடுக்கில் வரும் வலியை மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அது தொடை எலும்பின் கழுத்தில் விழும் விரிசலாக இருக்கலாம். மேல்பக்கம் விழுந்தால் அறுவை சிகிச்சை, முழுதாக உடைந்து விலகினால் இடுப்பு மூட்டே போகலாம். இருபத்திரண்டு வயதில்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் மறைக்கிறார்கள்? பயம் வலியைப் பற்றியது அல்ல, ‘ரெலிகேஷன்’ பற்றியது. குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் பயிற்சியைத் தவறவிட்டாலோ கட்டாயத் தேர்வுகளில் தேறாவிட்டாலோ கீழ் அணிக்குத் தள்ளிவிடுவார்கள். கூட வந்தவர்கள் எல்லாரும் ஆறு மாதம் மூத்தவர்களாகிவிடுவார்கள், அந்த மூப்பு பணிக்காலம் முழுக்கத் தொடரும். ஒரே அறையில் அடி வாங்கிய தோழன் நாளைக்கு சீனியர். போதாததற்கு, அடிக்கடி சிக் ரிப்போர்ட் போடுகிறவனுக்கு ‘நடிக்கிறான்’ என்ற பெயர் வேறு. எனக்குத் தெரிந்த நல்ல உஸ்தாத்கள் நொண்டுகிறவனைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்து எம்.ஐ. ரூமுக்குத் துரத்துவார்கள். எல்லாரும் அப்படி இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: நான்காம் வாரமே சொல்லியிருந்தால் மூன்று நான்கு வார ஓய்வில் அந்தக் கேடட் அதே அணியோடு தொடர்ந்திருக்க வாய்ப்பு இருந்தது. ரெலிகேஷனுக்குப் பயந்து மறைத்ததுதான் ரெலிகேஷனைக் கொண்டுவந்தது.

பெண் கேடட்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். எலும்பு மெல்லியது என்பது ஒரு காரணம். இன்னொன்று சாப்பாடு. மெஸ்ஸில் உணவுக்குக் குறையில்லை, உண்ண நேரம்தான் இல்லை. செலவாகும் சக்திக்கு ஈடாக உண்ணாவிட்டால் உடம்பு முதலில் நிறுத்துவது மாதவிடாயை. பயிற்சி நேரத்தில் அது வராதது வசதி என்று நினைக்கும் பெண்கள் உண்டு. எலும்புக்கு அது எச்சரிக்கை மணி. மூன்று மாதம் வராவிட்டால் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்கமும் இதில் சேரும். இஸ்ரேல் ராணுவம் பயிற்சியில் தினம் குறைந்தது 6 மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கி, மொத்த நடைதூரத்தையும் குறைத்தபோது இந்த விரிசல்கள் பாதிக்கும் கீழே இறங்கின.

மருத்துவப் பரிசோதனை முடிந்து அகாடமியில் சேரும் கடிதம் வரும்வரை பல பேருக்குச் சில மாதம் கிடைக்கிறது. அதை உறவினர் வீட்டு விருந்துகளில் கழித்துவிட்டுக் கடைசி இரண்டு வாரம் வெறித்தனமாக ஓடுகிறவர்கள், எலும்பு அரித்துக்கொண்டிருக்கும் நிலையில் போய்ச் சேருகிறார்கள். குறைந்தது மூன்று மாதம் முன்னால் தொடங்குங்கள். முதலில் நடை, பிறகு நடையும் ஓட்டமும், வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் கூட்டி, நான்காவது வாரம் குறைத்து. பிற்பாடு முதுகில் சில கிலோ சுமையோடு நடந்து பழகுங்கள். ஏப்ரலில் சேருகிறவர்கள் காலை பத்து மணி வெயிலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ள வேண்டும். சென்னை ஏப்ரல் டேராடூன் ஏப்ரல் இல்லை. வெயிலில் ஓடும் தோழன் சம்பந்தமில்லாமல் பேசினால் அதைச் சோர்வு என்று விடாமல் உடனே குளிர்ந்த நீரில் நனைத்து ஆளைக் கூப்பிட வேண்டும். வைட்டமின் டி-யும் ஹீமோகுளோபினும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வெயில் நாட்டில் இருக்கிறோம் என்பதால் வைட்டமின் டி சரியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம், என் அனுபவத்தில் குறைவாக இருப்பவர்களே அதிகம்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒரு காகித விஷயம். பயிற்சிக் காலத்தில் கேடட்டுக்கு மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை வருகிறது, அதனால் பிள்ளை ராணுவத்தில் சேர்ந்துவிட்டான் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். நட்சத்திரம் குத்தும்வரை அவர் அதிகாரி அல்ல. காயத்தால் தகுதியிழந்து வெளியேற்றப்பட்டால் அதிகாரிக்குரிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடையாது, முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் கிடையாது, கருணைத்தொகைதான். இப்படி வெளியேறியவர்களின் நிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அந்தக் கருணைத்தொகை கூட, காயம் பயிற்சியால் வந்தது அல்லது பயிற்சியால் மோசமானது என்று மருத்துவக் குழு ஏற்றால்தான் கிடைக்கும். அதற்குச் சான்று சிக் ரிப்போர்ட் பதிவுகள். தோழன் கொடுத்த மாத்திரைக்குப் பதிவு இல்லை. வலி வந்த முதல் நாளே எம்.ஐ. ரூமில் எழுதவைத்து, ஒவ்வொரு சீட்டையும் ஒளிப்படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கைபேசி எல்லா நேரமும் கையில் இருக்காது, ஞாயிற்றுக்கிழமை அனுப்பினாலும் போதும்.