நாலு கட்டைக்கும் நாலரைக்கும் நடுவில் நிற்கும் பாட்டு: மெதுவாக்கிய ஒலிக்கோப்பின் அசல் சுருதியைக் கண்டுபிடிப்பது

நவராத்திரி நெருங்கினால் திருகோணமலையில் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் இந்தச் சிக்கல் தலைகாட்டும். நடனத்துக்கென்று வட்ஸ்அப்பில் ஒரு பாட்டு வரும். யாரோ அதை மெதுவாக்கி, எதிரொலி சேர்த்து விட்டிருப்பார்கள். பிள்ளைகள் அதற்கே பழகிவிடுவார்கள். மேடையில் கீபோட்டும் மிருதங்கமும் சேரும்போதுதான் பாட்டு எந்தக் கட்டையிலும் உட்காராதது தெரியவரும். கீபோட்டின் டியூனிங்கை நகர்த்தி ஒரு மாலையைச் சமாளிக்கலாம். ஆனால் பாடகி நேரில் பாடப்போகிறார் என்றால் அசல் சுருதியும் அசல் வேகமும் தெரிந்தாக வேண்டும்.

அசல் பாட்டு கையில் இருந்தால் வேலை சுலபம். முன்னிசையின் முதல் அடியையும் கடைசிப் பல்லவியின் ஓர் அடியையும் எடுத்து, இடையிலுள்ள நேரத்தை இரண்டு கோப்பிலும் அளந்து வகுத்தால் போதும். அசலில் 180 விநாடி, மெதுவானதில் 211.8 விநாடி என்றால் வேகம் 0.85. முழுக் கோப்பின் நீளத்தை ஒப்பிட வேண்டாம், தொடக்கமும் முடிவும் வெட்டப்பட்டிருக்கும். அசல் கிடைக்காதபோது என்ன செய்வது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில், எந்த வகையாக மெதுவாக்கினார்கள் என்று பாருங்கள். நாடாவை மெதுவாக ஓட்டினாற்போல் செய்தால் சுருதியும் வேகமும் ஒரே விகிதத்தில் இறங்கும்; பெண் குரல் தடித்து வேறொருவர் பாடுவதுபோல் கேட்கும். யூடியூபின் வேகத் தெரிவு அப்படியல்ல. அது காலத்தை மட்டும் இழுக்கும், சுருதி அசையாது. அந்த வகையில் ஸட்ஜம் ஒரு கட்டையில் சரியாக நிற்கும், மிருதங்கத்தின் கூர்மையான சொற்கள் மட்டும் கலங்கியோ இரட்டித்தோ கேட்கும். கீழே சொல்வதெல்லாம் முதல் வகைக்கு.

ஓர் எடுத்துக்காட்டாகவே பார்ப்போம். ஸட்ஜத்தை அளக்கக் குரலை நம்பாதீர்கள், கமகம் முள்ளை ஆட்டிவிடும். புல்லாங்குழலோ கீபோட்டோ ஸட்ஜத்தில் இரண்டு விநாடி நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஓடாசிற்றி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் `Plot Spectrum` திறந்து, `Size` என்பதை 65536 ஆக்குங்கள். முகட்டருகே சுட்டியை வைத்தால் எண் தெரியும். நம் கோப்பில் அது 353 ஹேர்ட்ஸ். நாலு கட்டை 349.2, நாலரை 370. ஆக, நாலு கட்டைக்கு மேலே 19 சென்ட்டில் தொங்குகிறது; நூறு சென்ட் சேர்ந்தால்தான் ஓர் அரைச் சுரம்.

பிறகு வேகம். முதல் அடியிலிருந்து 33ஆவது அடி வரை அளந்தால்தான் 32 இடைவெளி கிடைக்கும். 32 அடியை எண்ணி, அதையே 32 இடைவெளி என்று எடுப்பது வழக்கமான பிழை. அதில் 3 சதவீதம் தவறும், அது அரைச் சுரத்தின் பாதி. நம் கோப்பில் 32 இடைவெளிக்கு 25.1 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 76.5 அடி.

கீபோட்டை வைத்து ஒலிப்பதிவான பாட்டு என்றால் அசல் ஸட்ஜம் ஏதாவது ஒரு கட்டையில் சரியாக இருந்திருக்கும். அதனால் மேலேயுள்ள கட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து கட்டை என்றால் வேகம் 0.90, அசல் 85 அடி. ஐந்தரை என்றால் 0.85, அசல் 90 அடி. ஆறு என்றால் 0.80, அசல் 95 சொச்சம். பொறி இங்கேதான். மெதுவாக்குகிறவர்கள் வழக்கமாகப் போடும் 0.9, 0.85, 0.8 மூன்றும் ஏறத்தாழ ஒவ்வோர் அரைச் சுரம் தள்ளித்தான் விழுகின்றன. அவை தரும் எண்கள் 352.8, 353.0, 352.0. இந்த வித்தியாசத்தை ஓர் அளவீட்டில் பிரித்தறிய முடியாது. சுருதியை மட்டும் பார்த்து “ஐந்து கட்டைதான்” என்று அடித்துச் சொல்பவர் பாதி நேரம் அதிர்ஷ்டத்தில்தான் பிழைக்கிறார். கிளிக் வைத்துப் பதிந்த பாட்டுகளின் வேகம் பெரும்பாலும் முழு எண்ணாக இருக்கும் என்பதால் ஆறு கட்டையைப் பின்னுக்குத் தள்ளலாம். 85ஆ 90ஆ என்பது மிஞ்சுகிறது.

இதற்கு மூன்றாவது சாட்சி வேண்டும். கோப்பை `Spectrogram` காட்சிக்கு மாற்றி, மேல் எல்லையை 20000 ஆக்குங்கள். குறைந்த தரத்தில் சுருக்கிய பாட்டுகளில் 16 கிலோஹேர்ட்ஸ் அளவில் ஒலி கத்தியால் அறுத்தாற்போல் நிற்கும். மெதுவாக்கும்போது அந்த வெட்டும் கூடவே இறங்கும். எதிரொலி அதை அழிக்காது. நம் கோப்பில் வெட்டு 13.6இல் நிற்கிறது. 0.85ஆல் வகுத்தால் 16.0, 0.90ஆல் வகுத்தால் 15.1. ஆகவே ஐந்தரைக் கட்டை, 90 அடி. ஆனால் ஒரு எச்சரிக்கை: பண்பலை வானொலியின் ஒலி 15இல் முடியும். வானொலியிலிருந்து பதிந்த பாட்டாக இருந்தால் இதே 13.6 ஐந்து கட்டையைக் காட்டும். பாட்டு எங்கிருந்து வந்தது என்று அனுப்பியவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

திருத்தும்போது 15 சதவீதம் குறைத்ததை 15 சதவீதம் கூட்டினால் பழைய இடத்துக்கு வராது. 39 சென்ட் கீழேயே நிற்கும். 0.85ஆல் வகுக்க வேண்டும், அதாவது 1.176ஆல் பெருக்க வேண்டும். ஓடாசிற்றியில் `Change Speed and Pitch` அதைச் செய்யும். கட்டளையாக எழுதினால்:

```
ffmpeg -i in.wav -af "asetrate=51882,aresample=44100" out.wav
```

51882 என்பது கோப்பின் மாதிரி வீதமான 44100ஐ 0.85ஆல் வகுத்தது. கோப்பு 48000 என்றால் அந்த இடத்தில் 56471 வர வேண்டும். இதைப் பார்க்காமல் கட்டளையைப் பிரதி பண்ணினால் முக்கால் சுரத்துக்குக் கிட்ட கீழே நிற்கும் இன்னொரு பிழையான கோப்புத்தான் கிடைக்கும்.

கோயில் திருவிழாவில் கசெட்டில் பதிந்த நாதஸ்வரக் கச்சேரிக்கு இந்தக் கட்டைக் கணக்கு உதவாது. நாதஸ்வரம் கீபோட்டின் சுருதிக்குக் கட்டுப்பட்டதல்ல. அங்கே மின்சாரத்தின் முரல் ஒலியைத் தேடுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், முரல் 50இலும் 100இலும் 150இலும் கோடாகத் தெரியும். 100இல் இருக்கவேண்டிய கோடு 95இல் இருந்தால் வேகம் 0.95. சில கோப்பில் 95இலும் 100இலும் இரண்டு கோடு இருக்கும். அப்போது 100இல் நிற்பது கசெட்டைக் கணினிக்கு மாற்றியபோது ஏறியது, அதை விட்டுவிடுங்கள். மின்சாரமே ஒரு சதவீதம் அங்குமிங்கும் ஆடக்கூடியது என்பதால் 17 சென்ட்டுக்கு மேல் துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம். திருவிழா ஜெனரேட்டரில் நடந்திருந்தால் அந்தத் துல்லியமும் இல்லை; சுமை குறைந்த ஜெனரேட்டர் 52 வரை ஓடும்.

முரலைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் தனித்தனியே அளந்து பாருங்கள். பதியும்போது பற்றரி இறங்கியிருந்தால் நாடா மெல்ல மெல்ல மெதுவாக ஓடியிருக்கும், ஆகவே கேட்கும்போது பாட்டு போகப்போக மேலே ஏறும். அப்படிப்பட்ட கசெட்டுக்கு ஒரே எண் கிடையாது. துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வேறு விகிதம் போட வேண்டும்.