திரள்வழிப் போலி: ஒரு சொல் விளக்கம்

மாவட்டம், வட்டம், ஒன்றியம் போன்ற ஒரு திரளின் சராசரிகளுக்கு இடையே காணப்படும் தொடர்பு, அந்தத் திரளில் வாழும் தனிமனிதர்களிடையேயும் அப்படியே இருக்கும் என்று கொண்டு முடிவு சொல்லும் தவறான வாதத்தை ஆங்கிலத்தில் 'ஈகோலாஜிக்கல் ஃபாலஸி' என்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுவே மிகக் குறைவு. கிருஷ்ணகிரியில் அது 71.46 விழுக்காடு. இந்த இரண்டு எண்களும் வளர்ச்சி, வருமானம், உடல்நலம், குழந்தைத் திருமணம் என எதைப் பற்றிய ஆய்வானாலும் அதில் வந்து நிற்கின்றன. மாவட்டங்களைப் புள்ளிகளாக்கி, நடுவே ஒரு தொடர்புப் போக்குக் கோட்டை வரைந்து, அந்தக் கோட்டிலிருந்து பாலக்கோட்டில் வாழும் ஒருவரைப் பற்றிப் பேசும்போதுதான் இந்தப் பிழை நேர்கிறது. ஆகவே இந்தச் சொல்லை இப்பகுதியில் புள்ளியியல் படிப்பவர்களும் திட்ட அறிக்கை எழுதுபவர்களும் சரியாக அறிந்திருப்பது அவசியம்.

'ஈகாலஜி' என்னும் சொல்லை 1866இல் உருவாக்கியவர் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். வீடு, வாழிடம் என்னும் பொருளுடைய 'ஓய்கோஸ்' என்ற கிரேக்கச் சொல் அதன் வேர். உயிர்களுக்கும் அவற்றின் வாழிடத்துக்கும் உள்ள உறவைக் குறித்த அச்சொல்லை, 1920களில் சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் நகர வாழ்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் வாழ்வோரின் வறுமை, குற்றம், குடிபெயர்வு ஆகியவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்ததை 'மனிதச் சூழலியல்' என்றார்கள். அங்கிருந்துதான், ஒரு நிலப்பகுதியில் வாழ்வோரின் மொத்தக் கணக்கை அலகாகக் கொண்ட எதையும் இந்த அடைமொழியால் சுட்டும் வழக்கம் புள்ளியியலுக்கு வந்தது. காடு, நீர், விலங்கு எதற்கும் இங்கே இடமில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இல் வெளியிட்ட கட்டுரை இந்தச் சிக்கலை எண்களால் நிறுவியது. 1930ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பிலிருந்து அவர் இரண்டு செய்திகளை எடுத்தார்: ஒன்று, வெளிநாட்டில் பிறந்தவரா என்பது, மற்றொன்று, எழுத்தறியாதவரா என்பது. 48 மாநிலங்களின் விழுக்காடுகளைக் கொண்டு கணக்கிட்டபோது, இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை −1 முதல் +1 வரை காட்டும் ஒட்டுறவுக் கெழு −0.526 என வந்தது. வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவு என்பது அதன் பொருள். அதே செய்திகளைத் தனிமனிதர் அளவில் கணக்கிட்டபோது கெழு +0.118 என்றானது, அதாவது வெளிநாட்டில் பிறந்தவரிடம் எழுத்தறியாமை சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அளவு மட்டுமல்லாமல் குறியே மாறிவிட்டது. குடியேறி வந்தவர்கள் வேலை கிடைக்கும் மாநிலங்களில் போய்த் தங்கினார்கள்; அந்த மாநிலங்களில் ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் நன்கு படித்தவர்களாக இருந்தார்கள். எண்களை உருவாக்கியது இதுதான்.

ராபின்சன் தம் கட்டுரையில் 'சூழலியல் ஒட்டுறவு' என்றே பேசினார். அதைப் 'போலி வாதம்' எனப் பெயரிட்டு நிலைக்கச் செய்தது 1958இல் ஹனான் செல்வின் எழுதிய கட்டுரை. பிரான்சின் எமில் துர்கெய்ம் 1897இல் தற்கொலை பற்றி எழுதிய நூலை ஆராய்ந்த அவர், நிலப்பகுதி அளவிலான விகிதங்களிலிருந்து தனிமனிதரைப் பற்றிய முடிவுக்குத் தாவுவதில் உள்ள ஆபத்தை எடுத்துக்காட்டினார்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'சூழலியல் பிழை' என்று வரும். ஆனால் அதன் இரண்டு பாதிகளும் பொருந்தவில்லை. 'சூழலியல்' என்றதும் படிப்பவர் மனம் சுற்றுச்சூழலுக்குப் போய்விடும். 'பிழை'யோ திட்டப்பிழை, கூறெடுப்புப் பிழை என அளவீட்டில் நேரும் விலகலுக்கு ஏற்கெனவே வழங்கும் சொல். இங்கே அளவீட்டில் குறையில்லை. எண்கள் அனைத்தும் சரியாக இருந்தும் வாதம் தவறுகிறது. வாதத்தில் நேரும் இத்தகைய குறைக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு. மணிமேகலையில் அளவை என்னும் தருக்கத்தைப் பேசும் பகுதி பக்கப்போலி, ஏதுப்போலி என்று வகுக்கிறது. சரியான வாதத்தின் தோற்றம் கொண்டு, உள்ளே ஏது எனப்படும் காரணம் பொருந்தாமல் நிற்பதுதான் போலி. திரளின் வழியாகத் தனிமனிதரைச் சொல்ல முற்படும் போலி என்பதால் 'திரள்வழிப் போலி' என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். 'சூழலியல் போலி' என எழுதுவோர் முதல் தடவை இந்த விளக்கத்தையும் சேர்த்துவிட்டால் குழப்பம் வராது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் போலி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெளிவாகும். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. எந்த வட்டத்தின் உண்மைக் கணக்கும் அல்ல. ஆயிரம் ஆயிரம் பேர் கொண்ட மூன்று வட்டங்களை எண்ணிக்கொள்வோம். முதலாவது மலையை ஒட்டியது. அங்கே வெளியிலிருந்து குடியேறியவர்கள் 50 பேர். இரண்டாவது மாந்தோப்புகள் நிறைந்தது. குடியேறியவர்கள் 200 பேர். மூன்றாவது ஓசூரைப் போலத் தொழிற்சாலைகள் கொண்டது. குடியேறியவர்கள் 400 பேர். உள்ளூராரில் எழுத்தறியாதோர் முறையே 30, 20, 10 விழுக்காடு என்றும், குடியேறியோரில் 40, 30, 20 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். எந்த வட்டத்தை எடுத்தாலும் குடியேறியவர்களிடம் எழுத்தறியாமை பத்துப் புள்ளி கூடுதல் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது வட்டச் சராசரியை மட்டும் பார்ப்போம். முதல் வட்டத்தில் உள்ளூரார் 285 பேரும் குடியேறியோர் 20 பேரும் எழுத்தறியாதவர்கள், ஆக 30.5 விழுக்காடு. இரண்டாவதில் 160உம் 60உம் சேர்ந்து 22 விழுக்காடு. மூன்றாவதில் 60உம் 80உம் சேர்ந்து 14 விழுக்காடு. குடியேறியோர் பங்கு 5, 20, 40 என ஏற, எழுத்தறியாமை 30.5, 22, 14 என இறங்குகிறது. மூன்று புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைந்துவிடுகின்றன. இதைப் பார்ப்பவர் 'குடியேறி வந்தவர்கள் நன்கு படித்தவர்கள்' என்று எழுதிவிடுவார். ஆனால் மூவாயிரம் பேரையும் ஒன்றாகச் சேர்த்தாலும் குடியேறிய 650 பேரில் 160 பேர், அதாவது 24.6 விழுக்காடு, எழுத்தறியாதவர்கள். உள்ளூரார் 2,350 பேரில் 505 பேர், அதாவது 21.5 விழுக்காடு மட்டுமே.

சராசரிகளை இயக்கியது குடியேற்றம் அல்ல. வட்டத்துக்கு வட்டம் மாறிய இன்னொன்று. தொழிலும் பள்ளியும் பேருந்தும் ஒருங்கே உள்ள இடத்தில் எல்லாருடைய எழுத்தறிவும் உயர்ந்திருக்கிறது, வெளியிலிருந்து வருபவர்களும் அங்கேயே வருகிறார்கள். வட்டங்களுக்கு இடையிலான இந்த வேறுபாடு, வட்டத்துக்கு உள்ளே உள்ள வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது.

தனிமனிதர் தரவு கையில் இல்லாதபோதும், கோடு தவறான இடத்துக்கு இழுக்கிறது என்பதை அறிய ஒரு வழி உண்டு. மேலே கண்ட மூன்று புள்ளிகளுக்கும் பொருந்தும் தொடர்புப் போக்குக் கோடு இது:

```
y = 32.3 - 0.468x
```

இதில் x என்பது குடியேறியோர் விழுக்காடு, y என்பது எழுத்தறியாதோர் விழுக்காடு. லியோ குட்மன் 1953இல் விளக்கிய முறைப்படி, x = 0 என இட்டால் உள்ளூராரின் எழுத்தறியாமையும், x = 100 என இட்டால் குடியேறியோரின் எழுத்தறியாமையும் கிடைக்க வேண்டும். முதலாவது 32.3 விழுக்காடு என வருகிறது. இரண்டாவது −14.5 விழுக்காடு! எழுத்தறியாதோர் சுழிக்குக் கீழே இருக்க முடியாது. ஒரு பிரிவினரின் விகிதம் எல்லா வட்டங்களிலும் ஒன்றே என்பது அந்த முறையின் எடுகோள். அது இங்கே உடைந்துவிட்டது என்பதை இந்த விடையே அறிவிக்கிறது. ஆனால் விடை 0க்கும் 100க்கும் இடையே வந்துவிட்டால் எடுகோள் சரி என்று பொருளாகாது. நம்பும்படியான ஓர் எண்ணும் முழுத் தவறாக இருக்கலாம், அதுதான் இதில் எனக்கு மிகுந்த கவலை தருவது.

டங்கன், டேவிஸ் இருவரும் அதே 1953இல் தந்த எல்லை முறை இதைவிட அடக்கமானது. அச்சிட்ட புள்ளிவிவரக் கையேட்டில் நமக்குக் கிடைப்பது அட்டவணையின் ஓரக் கூட்டுத்தொகைகள் மட்டுமே. குடியேறியோர் இத்தனை பேர், எழுத்தறியாதோர் இத்தனை பேர் என்று இருக்கும், இரண்டுமாக இருப்போர் எத்தனை பேர் என்ற உட்கட்டம் வெறுமையாக இருக்கும். முதல் வட்டத்தில் குடியேறியவர்கள் 50, எழுத்தறியாதவர்கள் 305 என்றால், அந்த ஐம்பது பேரில் ஒருவரும் எழுத்தறியாதவராக இல்லாமலும் இருக்கலாம், ஐம்பது பேரும் அப்படி இருக்கவும் கூடும். 0 முதல் 100 விழுக்காடு வரை எதையும் அந்த எண்கள் மறுக்கவில்லை. மூன்றாம் வட்டத்தில் எழுத்தறியாதோர் 140 பேர்தான் என்பதால் குடியேறிய 400 பேரின் விகிதம் 35 விழுக்காட்டைத் தாண்டாது. சராசரிகள் உறுதியாகச் சொல்வது இவ்வளவே.

எல்லைக்கோடு எங்கே போடப்படுகிறது என்பதும் விடையை மாற்றும். ராபின்சனின் அதே தரவை 48 மாநிலங்களாக அன்றி ஒன்பது பெரும் பிரிவுகளாகத் தொகுத்தால் கெழு −0.619 ஆகிறது. நம் பக்கத்தில் 2004 பிப்ரவரி 8 வரை கிருஷ்ணகிரியும் தருமபுரியும் ஒரே மாவட்டம், வரைபடத்தில் ஒரே புள்ளி. மறுநாள் யாரும் இடம் பெயரவில்லை, யாருடைய படிப்பும் வருமானமும் மாறவில்லை. ஆனால் புள்ளி இரண்டாகி, ஓசூரின் தொழில் வருமானம் முழுவதும் ஒரு பக்கம் போய்விட்டது. பிரிவினைக்கு முந்தைய, பிந்தைய மாவட்டக் கோடுகளை ஒப்பிடுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

இதனால் மாவட்டச் சராசரிகளை வைத்து ஆராய்வதே வீண் என்று ஆகாது. கேள்வி மாவட்டத்தைப் பற்றியதாக இருந்தால், எந்த மாவட்டத்துக்குக் கூடுதல் பள்ளி நிதி ஒதுக்குவது என்பது போல, அலகும் மாவட்டமாக இருப்பதே சரி. கேள்வி மனிதரைப் பற்றியது என்றால் தேசியக் குடும்பநல ஆய்வு போன்றவற்றின் தனியாள் பதிவுகளை எடுத்து, ஒருவரின் சொந்த நிலையையும் அவர் வாழும் மாவட்டத்தின் சராசரியையும் ஒரே மாதிரியில் தனித்தனி மாறிகளாக வைக்க வேண்டும். மேலே கண்ட கணக்கில் அப்படிச் செய்தால் ஆள் அளவில் +10 புள்ளியும், வட்டச் சராசரியின் பங்காக எதிர்க்குறியில் ஓர் எண்ணும் வேறு வேறாக வந்துவிடும்.

சராசரியே தனிமனிதர் பிரிவின் விகிதத்துக்கு மிக நெருங்கி வரும் ஒரு சூழலும் உண்டு. சித்தேரி மலையில் உள்ளது போல, ஏறக்குறைய அனைவரும் மலையாளிப் பழங்குடியினராக இருக்கும் சிற்றூர் ஒன்றை எண்ணிக்கொள்வோம். நூறு பேரில் 98 பேர் அவர்கள், எழுத்தறியாதவர்கள் 40 பேர் என்றால், அந்த 98 பேரில் குறைந்தது 38 பேரும் அதிகம் போனால் 40 பேரும் எழுத்தறியாதவர்கள்; எல்லை 38.8க்கும் 40.8க்கும் இடையே சுருங்கிவிடுகிறது. அந்த ஊருக்கு இது நல்ல விடை. ஆனால் அதே பிரிவைச் சேர்ந்தவர்களில் மலையை விட்டிறங்கி அரூரில் குடும்பத்தோடு வசிப்பவர்களைப் பற்றி அந்த ஊரின் எண் எதுவும் கூறாது. அவர்களுக்கான கணக்கை அரூரில்தான் எடுக்க வேண்டும்.