சிவப்பு எரிகிறது, அம்பும் எரிகிறது, 73 என்கிறது டைமர்: யார் போகலாம்?

ஒரு சிக்னல் கம்பத்தின் போட்டோ என்று வைத்துக்கொள்வோம். மேலே வட்டச் சிவப்பு எரிகிறது, கீழே இடப்பக்கம் காட்டும் பச்சை அம்பும் எரிகிறது, பக்கத்துப் பெட்டியில் சிவப்பு எழுத்தில் 73. இதைப் பார்த்ததும் பலர், அம்பு இன்னும் 73 விநாடி இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தப்பு. 73 சிவப்பு விளக்கின் கணக்கு. அம்பு எப்போது அணையும் என்று அது சொல்லவே இல்லை.

ஏன் என்று புரிய, சிக்னலை ஒரு சுற்றாகப் பார்க்க வேண்டும். நம் ஊர் நாலு முனைச் சந்திப்புகள் பலவற்றில் ஒரு நேரத்தில் ஒரு சாலைக்கு மட்டும்தான் வழி கிடைக்கும். கணக்குக்கு எளிதாக ஒவ்வொரு சாலைக்கும் 25 விநாடி பச்சை, 3 விநாடி மஞ்சள், அப்புறம் எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்கும் 2 விநாடி என்று வைப்போம். ஆக ஒரு சாலைக்கு 30, நாலு சாலைக்கும் சேர்த்து ஒரு சுற்று 120 விநாடி. நாம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வந்து நிற்கிறோம். முதல் 30 விநாடி நமக்கு, அடுத்தது மேற்குச் சாலைக்கு, பிறகு வடக்கு, கடைசியில் கிழக்கு.

நமக்குப் பச்சை மறுபடி வருவது 120-வது விநாடியில். டைமர் 73 காட்டுகிறது என்றால் இப்போது சுற்றில் 47-வது விநாடி. மேற்குச் சாலையின் பச்சை 30-ல் தொடங்கி 55-ல் முடியும். அதாவது அதற்கு இன்னும் 8 விநாடிதான் பாக்கி, நம் இடது அம்பும் ஏறக்குறைய அப்போதே அணைந்துவிடும்.

இரண்டுக்கும் என்ன தொடர்பு? நாம் இடப்பக்கம் திரும்பினால் மேற்குச் சாலைக்குள்தான் போகிறோம். அந்தச் சாலைக்குள் வேறு யார் வருவார்கள்? கிழக்கிலிருந்து நேராக வருபவர்கள், வடக்கிலிருந்து வலப்பக்கம் திரும்புபவர்கள். மேற்குக்குப் பச்சை விழுந்திருக்கும் நேரத்தில் இந்த இருவருக்கும் சிவப்பு. மேற்கிலிருந்து வண்டிகள் வெளியே வந்துகொண்டிருப்பதால் அந்தச் சாலையைக் குறுக்கே கடக்கும் பாதசாரிகளும் நின்றிருப்பார்கள். அதனால் நாம் உள்ளே போக எந்த மோதலும் இல்லாத இடைவெளி அந்த 25 விநாடி. சிக்னல் அமைப்பவர்கள் அம்பை அங்கே வைப்பது அதனால்தான். அம்பு அணைந்த பிறகு வட்டச் சிவப்பு மட்டும் எரிந்தால் இடப்பக்கமும் போகக் கூடாது, தனியாக ஃப்ரீ லெஃப்ட் போர்டோ அதற்கென்று பிரித்த பாதையோ இருந்தால் தவிர. இடப்பக்கம் என்றாலே எப்போதும் போகலாம் என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை, விதியில் அப்படி இல்லை. போர்டு இருந்தாலும் கடக்கும் ஆளுக்கு வழி விட்டுத்தான் திரும்ப வேண்டும்.

வலப்பக்கம்தான் உண்மையில் ஆபத்தானது. நாம் சாலையின் இடப்புறம் ஓட்டுவதால் வலப்பக்கம் திரும்புபவர் எதிரே வரும் வரிசையை வெட்டிப் போக வேண்டும். பச்சை அம்பு வலப்பக்கம் காட்டினால் எதிர்ப்பக்கத்தை நிறுத்திவிட்டார்கள் என்று பொருள், தைரியமாகத் திரும்பலாம். வட்டப் பச்சைக்கு அந்த உறுதி கிடையாது. அது நேராக, இடப்பக்கம், வலப்பக்கம் எல்லாவற்றுக்கும் அனுமதி தருகிறது (திரும்பக் கூடாது என்ற போர்டு இல்லாதவரை), ஆனால் எதிரே இருப்பவருக்கும் அதே நேரத்தில் பச்சை இருக்கலாம். அப்படிப்பட்ட சந்திப்பில் எதிரே வருபவர் போனபிறகுதான் வலப்பக்கம் திரும்ப வேண்டும். நேராகக் காட்டும் அம்பு மட்டும் எரிந்தால் வலப்பக்கம் போக வந்தவர் தன் அம்பு வரும் வரை ஸ்டாப் லைனுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

இப்போது மஞ்சள். மஞ்சள் என்றால் நில். கோட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டதால் பாதுகாப்பாக நிறுத்தவே முடியாது என்ற நிலையில் மட்டும் தாண்டலாம். அந்த 3 விநாடி சும்மா வைத்த எண் இல்லை. மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். ஓட்டுபவர் பிரேக்கை மிதிக்க 1 விநாடி எடுத்து, அப்புறம் மிதமாகப் பிரேக் பிடித்தால் மொத்தம் சுமார் 32 மீட்டரில் நிற்கும். 3 விநாடியில் அதே வண்டி ஓடும் தூரம் 33 மீட்டர். ஆக, மஞ்சள் விழும்போது 32 மீட்டருக்கு அப்பால் இருப்பவரால் நிறுத்த முடியும், உள்ளே இருப்பவரால் சிவப்புக்கு முன் கோட்டைத் தாண்ட முடியும், நடுவில் யாரும் மாட்டுவதில்லை.

இதே சந்திப்புக்கு 60-ல் வந்தால் கணக்கு உடைந்துவிடுகிறது. நிற்க 63 மீட்டர் வேண்டும், 3 விநாடியில் போக முடிந்ததோ 50 மீட்டர்தான். இடையிலுள்ள 13 மீட்டருக்குள் இருக்கும்போது மஞ்சள் விழுந்தால் நிறுத்தவும் முடியாது, சிவப்புக்கு முன் கோட்டைத் தொடவும் முடியாது. பச்சை டைமரில் 4, 3 என்று பார்த்ததும் முறுக்குகிறோமே, அது நம்மைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த 13 மீட்டருக்குள்தான். ஈரச் சாலையிலும் பாரம் ஏற்றிய லாரிக்கும் இந்த இடைவெளி இன்னும் நீளும்.

மஞ்சளின் கடைசி நொடியில் ஒழுங்காக உள்ளே நுழைந்தவருக்கும் 20 மீட்டர் அகலச் சந்திப்பைக் கடக்க 2 விநாடி ஆகும். எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் அந்த 2 விநாடி அவருக்காக ஒதுக்கியது. குறுக்குச் சாலையில் நிற்பவர் தன் சிவப்பு டைமர் 2 காட்டும்போதே கிளம்பினால், விதிப்படி வந்த அந்த ஆள் சந்திப்பின் நடுவில் இருக்கும்போது அவர்மேல் போய் நிற்பார். எண் 2, 1 என்று இறங்கினாலும் எரிவது சிவப்புதான். அனுமதி விளக்கில் இருக்கிறது, எண்ணில் இல்லை.

எண்ணை முழுதாக நம்பவும் முடியாது. சில டைமர்கள் கட்டுப்பாட்டுப் பெட்டியிடமிருந்து நேரத்தைக் கேட்டு வாங்குவதில்லை. போன சுற்றில் சிவப்பு எத்தனை விநாடி எரிந்தது என்று அளந்து வைத்துக்கொண்டு இந்தச் சுற்றிலும் அதையே எண்ணுகின்றன. சுற்று மாறாமல் ஓடும்வரை இது சரியாகவே இருக்கும். நெரிசலில் போலீஸ்காரர் கையால் மாற்ற ஆரம்பித்தாலோ, வண்டி வரத்தைப் பொறுத்துப் பச்சை நீண்டு குறைந்தாலோ பழைய எண் பொய்யாகிவிடும். 30 காட்டும்போதே பச்சை விழுவது, 0 ஆன பிறகும் சிவப்பு எரிவது, டைமர் அப்படியே அணைந்து கிடப்பது எல்லாம் அதன் அறிகுறிகள்.

போட்டோவுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. எல்இடி விளக்குகளும் எண்களும் பல நேரம் தொடர்ச்சியாக எரிவதில்லை, விநாடிக்கு நூறு தடவையோ அதற்கு மேலோ அணைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் படம் எடுக்கும் போன் கேமராவுக்குத் தெரியும். 8-ல் ஒரு கோடு விடுபட்டு 6 ஆகவோ 9 ஆகவோ பதிவாகும், சில சமயம் எரிந்துகொண்டிருந்த அம்பே இருட்டாக விழும். இரவில் சிவப்பு வெளுத்து மஞ்சள்போலத் தெரிவதும் உண்டு, அப்போது நிறத்தை விட்டு இடத்தைப் பாருங்கள், மேலே இருப்பது சிவப்பு. அம்பு எரிந்ததா இல்லையா என்று தகராறு வந்தால் ஒற்றைப் படம் போதாது, சில விநாடி வீடியோவாக இருந்தால் எது எரிந்தது, எந்த எண் எந்த விளக்கோடு இறங்கியது என்று பார்த்துவிடலாம்.