சிம் மாத்தின அன்னைக்கு ஓடிபி ஏன் வராது?

ஓடிபி வரவில்லை என்றால் எல்லாரும் முதலில் டவரைத்தான் திட்டுகிறார்கள். ரீசார்ஜ் முடிந்து போயிருப்பது, மெசேஜ் ஸ்பேம் பக்கம் போய் ஒளிந்துகொள்வது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மன்னார்குடியில் எங்கள் மொபைல் கடைக்கு வருகிறவர்களில் பலருக்கும் தெரியாத காரணம் ஒன்று இருக்கிறது: புது சிம்.

நடவு வயலில் ஃபோனைத் தவறவிட்ட ஒரு பெரியவர், காலையில் அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி, புது ஃபோனில் போட்டுக்கொண்டு மதியம் வந்தார். "தம்பி, பேசினா நல்லா கேக்குது, வாட்ஸ்அப் நம்பர் மட்டும் வர மாட்டேங்குது" என்றார். வரும் வழியெல்லாம் மறுபடி அனுப்பு என்பதையே அழுத்திக்கொண்டு வந்திருக்கிறார். அப்படி அழுத்த அழுத்த வாட்ஸ்அப் அடுத்த முறைக்கான காத்திருப்பு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும்.

பழுது எதுவும் இல்லை. நம் பெயரில் வேறு யாராவது டூப்ளிகேட் சிம் வாங்கி வங்கி ஓடிபியைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக, சிம் மாற்றியதிலிருந்து 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போவதையும் வருவதையும் நிறுத்திவைக்கச் சொல்லி 2022-ல் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டிருக்கிறது. பேச்சுக்கு அந்தத் தடை இல்லை, அதனால்தான் அழைப்பு மட்டும் வருகிறது.

அதுதான் வழியும். வாட்ஸ்அப்பில் காத்திருப்பு நேரம் ஓடி முடிந்ததும், குறியீடு வரவில்லையா என்று கேட்கும் வரியைத் தொட்டு, ஃபோன் அழைப்பில் பெறுவதைத் தேர்ந்தெடுங்கள். பதிவுக் குரல் ஒன்று ஆறு இலக்கத்தைச் சொல்லும், பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். அழைப்பு வெளிநாட்டு எண்ணிலிருந்தும் வரலாம், அதனால் தெரியாத எண்களைத் தடுக்கும் ஆப் இருந்தால் அந்தச் சில நிமிடத்துக்கு நிறுத்திவையுங்கள். பெரியவருக்கு அப்படித்தான் வேலை முடிந்தது. வங்கி, ஆதார் ஓடிபிக்கு மறுநாள் மதியம் வாங்க என்று அனுப்பிவிட்டேன், எஸ்எம்எஸ் மட்டுமே அனுப்பும் இடங்களில் 24 மணி நேரம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. வாசலைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான் இது, ஏனென்றால் அழைப்பில் வரும் ஓடிபியைத் திருடவும் ஆள் இருக்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே "என் நண்பர் இன்னொரு நம்பரிலிருந்து கூப்பிடுகிறார், அதையும் சேர்த்துவிடுங்க" என்பான், சேர்த்தால் அந்த இரண்டாவது அழைப்பு ஓடிபி சொல்லும் குரலாக இருக்கும், நம்மோடு சேர்ந்து அவனும் கேட்டுவிடுவான். 2025 பிப்ரவரியில் யுபிஐ தரப்பிலிருந்தே இதற்கு எச்சரிக்கை வந்தது. நாம் கேட்காமல் வரும் ஓடிபி அழைப்பு என்றால் அப்படியே துண்டியுங்கள். கேட்டும் வரவில்லையா, செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் பக்கம் போய் அறிமுகமில்லாத எண் எதுவும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், வாட்ஸ்அப்பில் இரண்டு அடுக்கு பின் போட்டுவிடுங்கள், ஓடிபி அவன் காதில் விழுந்தாலும் அந்தப் பின் இல்லாமல் உள்ளே வர முடியாது.