முதிர்வுத் தொகை: 'முதிர்ச்சி'யும் 'பதவிக்கால'மும் செய்த குழப்பம்

போன ஜூனில் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகன் கையில் ஒரு வங்கியின் துண்டறிக்கை. மாதாமாதம் பணம் போட்டுச் சேர்க்கும் ரெக்கரிங் டெபாசிட், அதாவது ஆர்.டி. பற்றியது. அதில் இப்படி அச்சடித்திருந்தார்கள்: "உங்கள் மீள் வைப்பின் பதவிக்காலம் முடிந்ததும் முதிர்ச்சித் தொகை வழங்கப்படும்." ஒரே வரியில் மூன்று தப்பு. 'முதிர்ச்சித் தொகை' எனக்குப் புதிதல்ல, கைப்பேசிக் குறுஞ்செய்தியில் மாதம் ஒரு தரமாவது கண்ணில் படுகிறது. 'பதவிக்காலம்' மட்டும் அன்றுதான் பார்த்தேன். சித்தியின் ஆயிரம் ரூபாய் எந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன பதவி வகித்தது?

முதலில் சொல்லின் வேரைப் பார்த்துவிடலாம். முது, முதுமை, முதியோர், மூதூர் எல்லாம் ஒரே குடும்பம். அதில் பிறந்த வினை முதிர். நாளாகி, இருக்க வேண்டிய நிலைக்கு வந்து சேர்வது முதிர்தல். ஆங்கிலக்காரர்கள் வங்கியில் புழங்கும் மெச்சூரிட்டி என்ற சொல்லும் பழுத்தது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக, இரண்டு மொழியும் பணத்தைப் பயிராகத்தான் பார்த்திருக்கின்றன. பிரெஞ்சு அப்படிப் பார்க்கவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கிய என் பெரியப்பா இதை எஷேயான்ஸ் என்பார். விழுவது என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. குறித்த நாள் வந்து விழுந்தது, அவ்வளவுதான், பழுத்தலும் இல்லை, கனிதலும் இல்லை. நம்மிடமும் அப்படி ஒரு சொல் இருக்கிறது: கெடு. கடன் கொடுத்தவர் கெடு வைப்பார். சேமித்த பணத்துக்குப் போய்க் 'கெடுத் தொகை' என்று பெயர் வைத்தால் யார் வாங்குவார்கள்?

சரி, முதிர்வா முதிர்ச்சியா? இலக்கணம் இரண்டையும் விடும். தளர்வு, தளர்ச்சி. அயர்வு, அயர்ச்சி. உயர்வு, உயர்ச்சி. ஒரே வினை இரண்டு விகுதியை ஏற்கும். அதனால் முதிர்ச்சித் தொகை இலக்கணப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரட்டைச் சொற்கள் நாளடைவில் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. இன்றைய வழக்கில் முதிர்ச்சி மனிதருடைய பண்பு. அரசியல் முதிர்ச்சி, மன முதிர்ச்சி, முதிர்ச்சியான பேச்சு என்கிறோம். அதற்கு அளவு இல்லை, தேதி இல்லை. முதிர்வு நடப்பைக் குறிக்கிறது. காலப்போக்கில் நடந்து ஒரு நாளில் முடிகிறது. முதிர்வு நாள் என்றால் நாட்காட்டியில் விரல் வைத்துக் காட்டலாம், முதிர்ச்சி நாளை எங்கே காட்டுவது? தொகைக்கு அளவும் தேதியும் உண்டு என்பதால் முதிர்வுதான் அதற்குப் பொருந்தும்.

பேச்சில் எல்லாரும் மெச்சூர் என்றுதான் சொல்கிறார்கள். அதிலும் ஒரு வில்லங்கம். சித்தி காலத்துப் பெண்களுக்கு மெச்சூர் ஆவது என்றால் பெண் பெரியவளாவது. முகவர் அம்மா வந்து, "அக்கா, உங்க ஆர்.டி. மெச்சூர் ஆயிடுச்சு" என்றதும், "அப்போ சீர் செய்யணுமா?" என்று கேட்டாராம் சித்தி. தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'கனிவுத் தொகை' என்று வைக்கலாமே என்றார். கனிவு பேச்சில் இருக்கும், பார்வையில் இருக்கும். வங்கிக் கணக்கில் அதை எதிர்பார்க்கிற அளவுக்கு எனக்கு நம்பிக்கை இல்லை.

என்னை உண்மையில் எரிச்சல்படுத்தியது 'மீள் வைப்பு'. வைப்பு என்ற சொல்லில் குறையில்லை, பொருளை வைக்கும் இடத்தை 'வைப்புழி' என்று குறளே சொல்கிறது. சிக்கல் 'மீள்' என்பதில்தான். மீள்பதிவு, மீள்பார்வை என்றால் ஒருமுறை செய்ததை மறுபடி செய்வது. அப்படிப் பார்த்தால் மீள் வைப்பு என்பது முடிந்துபோன வைப்பை எடுத்து மறுபடி போடுவது. அது வேறொரு காரியம், அதற்கு வேறு படிவம். ஆர்.டி.யில் எந்தப் பணமும் மீள்வதில்லை. மாதாமாதம் புதுப் பணம்தான் போகிறது. தொடர் வைப்பு என்பதுதான் சரி. அஞ்சலகப் பக்கம் நெடுநாளாகப் புழங்கும் சொல் அது. தொடர் என்றால் ஒன்றன்பின் ஒன்று. அந்த 'ஒன்றன்பின் ஒன்று' மண்டையில் ஏறாததால்தான் சித்தி வீட்டில் சண்டையே வந்தது.

சித்தி 2020 ஜூனில் அஞ்சலகத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குத் தொடர் வைப்பு தொடங்கினார். 60 தவணை. அப்போது வட்டி ஆண்டுக்கு 5.8 விழுக்காடு. 2025 ஜூனில் கைக்கு வந்தது 69,697 ரூபாய். மகன் கணக்குப் போட்டான்: போட்ட பணம் 60,000. அதற்கு ஓராண்டு வட்டி 3,480. ஐந்தாண்டுக்கு 17,400. ஆக 77,400 வரவேண்டும். "7,703 ரூபாயை யாரோ முழுங்கிட்டாங்க அண்ணா!" முகவர் அம்மாவைத்தான் சந்தேகப்பட்டான். பாவம், அவர் அன்றைக்கு அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

பண்ருட்டித் தோப்பில் ஒரே நாளில் அறுத்த பலாக்காய்களை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். எல்லாம் ஒரே நாளில் இறங்கின, ஆனால் ஒரே நாளில் பிஞ்சு விட்டவை அல்ல. தொடர் வைப்பிலும் அப்படித்தான். முதல் தவணை 60 மாதம் முதிர்கிறது, இரண்டாவது 59 மாதம், கடைசித் தவணைக்குக் கிடைப்பது ஒரே மாதம். முதல் ஆயிரம் 1,334 ரூபாய் ஆகிறது. கடைசி ஆயிரத்துக்கு ஐந்து ரூபாய்கூட முழுசாகத் தேறாது. மகனோ அறுபது ஆயிரத்தையும் முதல் நாளே போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டான். அது ஒற்றை வைப்பின் கணக்கு.

துண்டறிக்கையில் தவணைக்காலம் என்றோ வெறுமனே காலம் என்றோ போட்டிருந்தால், ஒவ்வொரு தவணையும் எவ்வளவு காலம் இருந்தது என்று ஒருவேளை யோசித்திருப்பான். பதவிக்காலம் என்றால் எல்லாரும் ஒரே நாளில் பதவியேற்று ஒரே நாளில் இறங்குவதுதானே! அந்தச் சொல்லை எழுதியவர் டெனியூர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைத் திறந்து முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டியிருக்கிறார். அவருக்கு ஆர்.டி. இருந்திருக்காது.

இதைக் காகிதத்திலேயே சரிபார்த்துவிடலாம். 60, 59, 58 என்று தொடங்கி 1 வரை சராசரி எடுத்தால் 30.5 மாதம். ஆக, 60,000 ரூபாய் சராசரியாக 30.5 மாதம்தான் இருந்தது. ஆண்டுக்கு 3,480 வட்டி என்றால் 30.5 மாதத்துக்கு 8,845 ரூபாய். அசலோடு 68,845. இது தனிவட்டிக் கணக்கு. அஞ்சலகம் வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை அசலோடு சேர்க்கிறது. அதனால் வந்த தொகை இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். 69,697 வந்திருக்கிறது, 852 ரூபாய் கூடுதல். சரியாக இருக்கிறது. 68,845-க்குக் கீழே வந்திருந்தால் மட்டும் பாஸ்புத்தகத்தைப் புரட்டி, விட்டுப்போன தவணை உண்டா என்று தேடியிருக்க வேண்டும். அஞ்சலகத்தில் தவணை தப்பினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் வீதம் தவறுகைக் கட்டணம் கேட்பார்கள். ஆயிரத்துக்கு மாதம் பத்து ரூபாய். அதைத் தனியாகக் கட்டுகிறோம், ஆனால் வீட்டில் 'மொத்தம் போட்ட பணம்' என்று எழுதி வைக்கும்போது அதையும் கூட்டிவிடுகிறவர்கள் உண்டு.

ரூபாய் பிசகாமல் பார்க்க வேண்டுமென்றால் விரிதாளில் இதைத் தட்டலாம்:

```
=1000*((1+5.8/400)^20-1)/(1-(1+5.8/400)^(-1/3))
```

1000 தவணை. 5.8 வட்டி விகிதம், அதை 400-ஆல் வகுப்பது நூற்றுக்கணக்கைப் பின்னமாக்கி நான்கு காலாண்டாகப் பிரிக்க. 20 என்பது ஐந்தாண்டின் காலாண்டுகள். கடைசியில் வரும் மூன்றில் ஒன்று, ஒரு காலாண்டுக்குள் மூன்று தவணை விழுவதற்காக. வீட்டுக் கணினியில் தட்டிக் காட்டினேன். 69,697 என்று வந்தது. மகன் வாயடைத்துப் போனான், ஆனால் இரண்டு நிமிடம்தான்.

"அப்போ இது என்ன?" என்று அஞ்சலகப் பலகையில் எடுத்த படத்தை நீட்டினான். மாதம் 1,000, ஐந்தாண்டு, 71,366. சித்திக்கு வந்ததைவிட 1,669 அதிகம். இதில் ஏமாறுவது எளிது. அந்த 71,366 இன்றைய வட்டியான 6.7 விழுக்காட்டுக்கு உரியது. 2023 அக்டோபரிலிருந்து அந்த விகிதம் நடக்கிறது. அஞ்சலகத் தொடர் வைப்பில் கணக்குத் தொடங்கிய நாளின் வட்டிதான் கடைசி வரைக்கும். நடுவில் ஏறினாலும் நமக்கு ஏறாது, இறங்கினாலும் இறங்காது. ஆகவே சரிபார்க்கும்போது எடுக்க வேண்டியது பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் தொடக்க நாளின் விகிதம், பலகையில் இருப்பதல்ல. அதே வாய்பாட்டில் 5.8 இருக்கும் இரண்டு இடத்திலும் 6.7 போட்டான். 71,366 வந்தது. அப்புறம்தான் முகவர் அம்மாவுக்குப் போன் செய்து, "ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்" என்றான்.

'வட்டி விகிதம்', 'தவணை' போன்ற சொற்களை யாரும் கெடுக்கவில்லை, ஏனென்றால் கடைத்தெருவில் தினமும் புழங்குகின்றன. கெடுவதெல்லாம் அலுவலக அறையில் பிறக்கும் சொற்கள். தமிழாக்கம் செய்கிறவர்கள் வங்கிக்குப் போய் வரிசையில் நின்று பக்கத்தில் இருக்கிறவரிடம் "இதுக்கு என்னம்மா சொல்வீங்க?" என்று கேட்டால் பாதிப் பிழை போய்விடும். மிச்சப் பாதிக்கு ஒரு தடவையாவது கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சித்தி மறுவாரமே அஞ்சலகத்தில் புதுத் தொடர் வைப்பு தொடங்கிவிட்டார், மறுபடியும் மாதம் ஆயிரம். பாஸ்புத்தகத்தின் பின்அட்டையில் பென்சிலால் 'முதிர்வுத் தொகை 71,366, ஜூன் 2030' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "முதிர்வுன்னா மெச்சூர்தானே?" என்றார்.