'நரம்பியல் செயலாக்க அலகு': சொல்லும் தப்பு, சொல்லப்படும் பயனும் தப்பு

"நரம்பியல் செயலாக்க அலகு கொண்டது, எனவே கேமிங்குக்கு ஏற்றது." மடிக்கணினி விளம்பரங்களின் தமிழாக்கத்தில் இந்த மாதிரி வரி சலிக்கச் சலிக்க வருகிறது. ஆங்கிலத்தில் இது 'நியூரல் புராசசிங் யூனிட்', சுருக்கமாக என்பியு; ஏஐ கணிப்புக்கென்று வைக்கும் சில்லு. இதில் இரண்டு பிழைகள். முதல் பிழை சொல்லில் இருக்கிறது, இரண்டாவது அந்தச் சொல்லின் மறைவில் நிற்கிறது.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் 'நியூரான்' என்றால் தசைநார், நாண்; பிறகுதான் உடல் நரம்பு. நம் 'நரம்பு' யாழின் தந்தியையும் குறித்தது என்பதால் இரண்டும் நல்ல ஜோடி. 1943இல் மெக்கலக், பிட்ஸ் என்ற இருவர் நரம்பணுவை ஒரு கணித மாதிரியாக எழுதினார்கள். 'நரம்பணு வலை' என்ற கணிப்பு முறை அந்த வழியில் வந்தது. அந்தக் கணிப்புக்கென்று தனியாகச் செய்த சில்லை 2017இல் ஹுவாவே தன் கிரின் 970 கைப்பேசிச் சில்லில் என்பியு என்ற பெயரோடு விற்றது. இப்போது அது மடிக்கணினிகளிலும் வருகிறது.

இப்போது 'நரம்பியல்'. '-இயல்' என்று முடிந்தால் தமிழில் அது ஒரு துறை: இயற்பியல், விலங்கியல், நரம்பியல். தலைவலி தீராவிட்டால் நரம்பியல் மருத்துவரிடம் போகிறோம். அப்படியானால் 'நரம்பியல் செயலாக்க அலகு' ஏதோ மருத்துவமனைப் பிரிவின் பெயர். பெயரடை வேண்டிய இடத்திலெல்லாம் 'இயல்' ஒட்டிவிடும் பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை. 'செயலாக்கம்' இன்னொரு கோளாறு: திட்டத்தைச் செயலாக்குவது வேறு, எண்களைக் கணிப்பது வேறு. 'அலகு' மின்கட்டணத்துக்கும் பறவைக்கும் போதும். பள்ளிப் பாடநூல்களின் 'மையச் செயலக'த்தைப் பின்பற்றி 'நரம்புச் செயலகம்' என்றால் கோட்டை நினைவுக்கு வருகிறது. 'செயலி' என்றால் கைப்பேசி ஆப்பா, சில்லா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

'மூளைச் சில்லு' என்ற போட்டிச் சொல்லைத்தான் எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. கேட்க அழகு, ஆனால் பச்சைப் பொய். அந்தச் சில்லு யோசிப்பதில்லை. சிறிய எண்களை, பெரும்பாலும் எட்டு பிட் முழு எண்களை, அடுக்கடுக்காகப் பெருக்கிக் கூட்டுகிறது. பள்ளிக் கணக்கில் நாம் படித்த அணிகளின் பெருக்கல்தான் அது. டாப்ஸ் என்று பெட்டியில் அச்சிடுவது நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணிப்பு என்பதைத்தான். 40 டாப்ஸ் என்றால் 40 லட்சம் கோடி. ஆகவே என் பரிந்துரை 'அணிப்பெருக்கல் சில்லு'. 'அணி' என்றதும் கிரிக்கெட் நினைவு வருகிறவர்கள் 'நரம்பணுவலைச் சில்லு' என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சில் 'என்பியு' என்றாலும் குடி முழுகாது.

அணிப்பெருக்கல் என்று சொன்னதும் கேள்வி தானாகத் திருந்திவிடும். மூளை இருந்தால் கேம் வேகமாக ஓடுமா என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல முடியாது. ஓடும் கேமில் அணிப்பெருக்கல் எங்கே நடக்கிறது, அதை யார் செய்கிறார்கள் என்று கேட்டால் பதில் இருக்கிறது. குறைந்த தெளிவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கும் இடத்தில் நடக்கிறது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் அந்த வேலையைத்தான் செய்கிறது, செய்வது கிராபிக்ஸ் சில்லுக்குள்ளேயே அணிப்பெருக்கலுக்கென்று இருக்கும் டென்சர் கோர்கள். 2018இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வந்தது முதல் அப்படித்தான். அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4, இன்டெல்லின் எக்ஸ்இஎஸ்எஸ் இரண்டும் கிராபிக்ஸ் சில்லில்தான் ஓடுகின்றன. என்பியு இந்தக் கூட்டத்திலேயே இல்லை.

ஏன் இல்லை? பெரிதாக்கும் வேலை படம் வரைவதன் நடுவில் வருகிறது. ஆழம், பொருள்களின் அசைவுத் திசை ஆகிய விவரங்களை எடுத்துக்கொண்டு பெரிதாக்கிய பிறகுதான் மேலே எழுத்தும் உயிர்க்கோடும் வரையப்படும். தனி கிராபிக்ஸ் சில்லு உள்ள மடிக்கணினியில் இவையெல்லாம் அதன் சொந்த நினைவகத்தில் இருக்கின்றன. என்பியுவிடம் கொடுக்க வேண்டுமானால் முதன்மை நினைவகத்துக்கு அனுப்பி, காத்திருந்து, திரும்ப வாங்க வேண்டும். நொடிக்கு 60 பிரேமில் ஓடும் கேமுக்கு ஒரு பிரேமுக்கான நேரமே 16.7 மில்லிநொடி. கையில் இருக்கும் டென்சர் கோரை விட்டுவிட்டு யார் அலைவார்கள்?

ஒரு விதிவிலக்கு உண்டு. 2024இல் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சில்லு உள்ள மடிக்கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஆட்டோ எஸ்ஆர், கேமின் படத்தை என்பியுவைக் கொண்டே பெரிதாக்குகிறது. அங்கே நினைவகம் பொதுவானது, கிராபிக்ஸ் சில்லில் டென்சர் கோரும் இல்லை. ஆனால் அது முடிந்த படத்தை வாங்கிப் பெரிதாக்குவதால், கேமுக்குள் இருக்கும் எழுத்துகளும் சேர்ந்தே குறைந்த தெளிவில் தொடங்குகின்றன. கூடுதலாக ஒரு பிரேம் தாமதமும் உண்டு. வேகம் கூடுவதுகூட, கிராபிக்ஸ் சில்லு குறைந்த தெளிவில் வரைவதால்தான். என்பியு அந்தக் குறையை மறைக்கிறது.

பெயரில் ஒட்டிய 'ஏஐ' எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஏஎம்டியின் ஒரே வரிசையைப் பாருங்கள். ரைசன் ஏஐ 9 எச்எக்ஸ் 370, ரைசன் ஏஐ 5 340 இரண்டிலும் என்பியு 50 டாப்ஸ். இரண்டுமே மைக்ரோசாஃப்டின் கோபைலட் பிளஸ் முத்திரைக்கு வேண்டிய 40ஐத் தாண்டியவை. கேமுக்கு வேண்டியதோ உள்ளே இருக்கும் கிராபிக்ஸ்: முதலாவதில் ரேடியான் 890எம், 16 கணிப்புத் தொகுதிகள், இரண்டாவதில் 840எம், வெறும் 4. பெட்டியில் ஒரே எண், ஒரே முத்திரை. கேமில் இரண்டும் ஒரே ஜாதி அல்ல. தலைகீழாகவும் நடக்கும். இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200எச்எக்ஸ் வரிசையில் என்பியு 13 டாப்ஸ்தான், கோபைலட் பிளஸ் முத்திரை கிடைக்காது. ஆனால் பெரிய கேமிங் மடிக்கணினிகளில் ஆர்டிஎக்ஸ் 5090 வரை அந்தச் சில்லோடு வருகிறது.

சந்தேகமிருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். புதிய விண்டோஸ் 11இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து Performance பக்கத்தில் NPU வரைபடத்தைக் கண்ணுக்கெதிரே வைத்துக்கொண்டு கேமை ஒரு மணி நேரம் ஆடுங்கள். ஆட்டோ எஸ்ஆர் ஓடாத வரை கோடு தரையோடு கிடக்கும். அது எழுந்தால், பின்னால் வீடியோ அழைப்பில் முகத்துக்குப் பின்புறத்தை மங்கலாக்கும் வேலை ஓடுகிறதா என்று பாருங்கள்; என்பியு உண்மையில் உதவுவது அந்த மாதிரி இடத்தில்தான்.

டாப்ஸுக்குப் பதிலாக எதைக் கேட்பது? கிராபிக்ஸ் சில்லுக்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். மடிக்கணினியின் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை தயாரிப்பாளர் தன் விருப்பம்போல வைத்துக்கொள்ளலாம். ஒல்லியான உடம்புக்குள் அடைத்த 4060, தடியான மடிக்கணினியின் 4060க்குப் பின்னால்தான் ஓடும். என்விடியா கண்ட்ரோல் பேனலின் System Information பகுதியில் Maximum Graphics Power என்ற வரியில் அந்த எண் இருக்கும். கடைக்காரர் அதைத் திறந்து காட்டத் தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள். விளம்பரத்தைத் தமிழாக்குகிறவர்கள் அந்த ஒரு எண்ணைத் தமிழில் எழுதினாலே போதும். 'நரம்பியல்' விஷயத்தில் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்கிறேன்.