உள்மாத்திரை வைத்தும் திரும்ப வரும் வெள்ளை அரிப்பு

ஃபார்மசி கவுண்டரில் குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்கும் மருந்துகளில் ஒன்று கிளோட்ரிமசோல் உள்மாத்திரை. 500 மில்லிகிராம், ஒரே மாத்திரை, படுக்கப் போகும் முன் பிறப்புறுப்புக்குள் வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் அரிப்பு அடங்கிவிடும். இரண்டு மாதம் கழித்து அதே அரிப்பும் கட்டிகட்டியான வெள்ளைப்படுதலும் திரும்ப வந்தால், பெரும்பாலோர் அதே பெட்டியைத்தான் மறுபடியும் வாங்குகிறார்கள்.

அதற்கு முன்னால் இது பூஞ்சைதானா என்று பார்த்தாக வேண்டும். அமெரிக்காவில், தாங்களாகவே முடிவுசெய்து பூஞ்சை மருந்து வாங்கிய பெண்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தது. மற்றவர்களில் பலருக்கு வேறு தொற்று அல்லது கலப்புத் தொற்று. சிலருக்கு எதுவுமே இல்லை.

பிறப்புறுப்பின் உட்சுவரில் லாக்டோபேசில்லஸ் என்னும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. தயிரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களுக்கு உறவுக்காரர்கள் இவை. சுவரின் செல்களில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்திலிருந்து லாக்டிக் அமிலம் உண்டாக்கி, அந்த இடத்தின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவை 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கின்றன. அந்தப் புளிப்பில் பல கிருமிகளால் தலையெடுக்க முடியாது. கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சைக்கோ அந்தப் புளிப்பு ஒரு பொருட்டே அல்ல. பத்துப் பெண்களில் ஒருவர் இருவரிடம் அது எந்தத் தொல்லையும் தராமல் இருந்துகொண்டிருக்கும். அரிப்பு இல்லாதவருடைய பரிசோதனைத் தாளில் ‘கேண்டிடா’ என்று வந்தால் அதற்கு மருந்து தேவையில்லை.

தொல்லை தொடங்குவது பூஞ்சை உருமாறும்போது. உருண்டைச் செல்லாக இருந்தது நூல் மாதிரி நீண்டு சுவரின் செல்களுக்குள் ஊடுருவும். அந்த நூல்கள் கேண்டிடாலைசின் என்ற நச்சைச் சுரந்து செல்களின் தோலைத் துளைக்கும். உடனே உடலின் வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. நீங்கள் உணரும் அரிப்பு, எரிச்சல், சிவப்பு, வீக்கம் எல்லாம் பெரும்பாலும் இந்தத் திரட்சியால் வருபவை. உதிர்ந்த செல்களும் பூஞ்சை நூல்களும் சேர்ந்ததுதான் உடைந்த தயிர் போன்ற அந்த வெள்ளை. அதற்குப் பெரிய வாடை இருக்காது. பிஎச் அளவும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும்.

மற்றவற்றிலிருந்து பூஞ்சையைப் பிரித்துக் காட்டுவது இந்த இரண்டும்தான். பாக்டீரியச் சமநிலை கெட்டு லாக்டோபேசில்லஸ் குறைந்துபோனால் புளிப்பு குறைந்து பிஎச் 4.5-க்கு மேல் ஏறும். அப்போது படுவது நீர்த்த, சாம்பல் கலந்த வெள்ளை. மீன் வாடை வரும், உடலுறவுக்குப் பிறகு அது கூடும், அரிப்பு குறைவு. டிரைக்கோமோனாஸ் என்பது உடலுறவில் பரவும் ஒட்டுண்ணி. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வரலாம், அரிப்போடு எரிச்சலும் இருக்கும், பிஎச் இங்கும் உயரும். இந்த இரண்டுக்கும் கிளோட்ரிமசோல் பிரயோசனப்படாது. மெட்ரோனிடசோல் போன்ற மருந்து வேண்டும். டிரைக்கோமோனாஸ் என்றால் துணைவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். பூஞ்சைக்கு, துணைவருக்குத் தொல்லை இல்லையென்றால் அது தேவையில்லை.

கிளினிக்கில் இதைப் பிரித்துப் பார்க்க அதிக நேரம் ஆகாது. பஞ்சுக் குச்சியால் பக்கச் சுவரைத் தொட்டு பிஎச் தாளில் ஒற்றி நிறம் பார்ப்பார்கள். கருப்பை வாயின் சளியையோ மாதவிடாய் இரத்தத்தையோ விந்தையோ தொட்டுவிட்டால் அளவு பொய்யாக ஏறும். அதனால் மாதவிடாய் நாள்களிலும் உடலுறவுக்கு மறுநாளும் இந்தச் சோதனை சரிவராது. பிறகு கண்ணாடித் தகட்டில் ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அது மற்ற செல்களைக் கரைத்துவிடும். பூஞ்சை நூல் மட்டும் தெளிவாகத் தெரியும். ஆனாலும் பூஞ்சை உள்ளவர்களில் பாதிப் பேரிடம் அது கண்ணில் படாமல் போய்விடும். அடிக்கடி வருகிறவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் அதனால்தான் அவசியம். அரிப்பு இருக்கும்போதே, உள்மாத்திரை வைக்கும் முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும். முதல் நாள் இரவு மருந்து வைத்துவிட்டுப் போனால் வளர வேண்டியது வளராது.

ஓர் எடுத்துக்காட்டு. பினாங்கில், பிறையில் வசித்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் 41 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதத்தில் நான்கு முறை வந்துவிட்டது. ஓராண்டில் மூன்று முறைக்கு மேல் வந்தாலே மருத்துவர்கள் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்பார்கள். முதல் முறை தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட வாரத்தில் வந்தது. அந்த மருந்து லாக்டோபேசில்லஸையும் சேர்த்துக் கொன்றுவிடும். அடுத்த மூன்று முறைக்கு அந்தக் காரணம் பொருந்தவில்லை. மருந்துப் பட்டியலைப் பார்த்தால், இனிப்புநீருக்குப் புதிதாக எம்பாகிளிஃப்ளோசின் தொடங்கியிருக்கிறார். இரத்தத்தின் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து அது. சிறுநீர் தொடும் இடமெல்லாம் பூஞ்சைக்குத் தீனி கிடைக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய நலக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. நம் குடும்பங்களில் அதன் கணக்கு எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அரிப்பு ஓயாமல் வந்தால் சர்க்கரை அளவைப் பார்ப்பது முதல் வேலை.

அவருக்கு பிஎச் 4.0, தகட்டில் நூல்கள், கல்ச்சரில் கேண்டிடா அல்பிகன்ஸ். இதற்குப் பழக்கப்பட்ட முறை, ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரையை முதல் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள் விழுங்குவது. மருந்து உடலில் மெல்லத்தான் குறையும் என்பதால் இந்த இடைவெளி போதும். பிறகு வாரம் ஒன்றாக ஆறு மாதம். ஒருமுறை வைக்கும் உள்மாத்திரை தொல்லையைத்தான் அடக்கும். மிஞ்சியிருக்கும் பூஞ்சை திரும்ப நூல் விடாமல் பிடித்து வைப்பது இந்த ஆறு மாதம்தான். இவர் இனிப்புநீருக்கு கிளிக்லசைடும் சாப்பிடுகிறவர் என்றால் கவனம் தேவை. ஃப்ளூகோனசோல் அதன் அளவை இரத்தத்தில் ஏற்றி சர்க்கரையைத் தாழ இறக்கிவிடலாம். வார்ஃபரின், சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எம்பாகிளிஃப்ளோசினைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

கல்ச்சரில் கிளாப்ராட்டா என்ற வேறு வகைக் கேண்டிடா வந்தால் கதை வேறு. அது நூல் விடாத வகை, தகட்டில் எளிதில் தப்பிவிடும். ஃப்ளூகோனசோலுக்கும் அவ்வளவாக மசியாது. அதற்கு 600 மில்லிகிராம் போரிக் அமில உள்மாத்திரையை இரவுதோறும் மூன்று வாரம் வைக்கச் சொல்வார்கள். மருத்துவர் சொல்லித்தான் பயன்படுத்த வேண்டும். விழுங்கினால் நஞ்சு, கர்ப்பத்தில் ஆகாது. கர்ப்பிணிகள் ஃப்ளூகோனசோல் மாத்திரையையும் தவிர்த்து, உள்ளே வைக்கும் மருந்தை ஏழு நாள் பயன்படுத்துவார்கள்.

வெற்றிலை கொதிக்க வைத்த தண்ணீர், வாசனைக் கழுவுநீர், கிருமிநாசினி எல்லாம் உள்ளே கழுவினால் லாக்டோபேசில்லஸை அலசிக்கொண்டு போகும். வெளியே தோலை எரித்து, பூஞ்சை இல்லாத அரிப்பையும் உண்டாக்கும். வெளிப்புறம் மட்டும் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். ‘உடம்புச் சூடு’ என்று இளநீர் குடிப்பதால் தாகம் அடங்கும், பூஞ்சை அடங்காது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் அரிப்பை எளிதில் பூஞ்சை என்று எண்ணக் கூடாது. வெளித்தோல் வெளிறிச் சுருங்கியிருந்தால் அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். பூஞ்சை மருந்து அதைத் தொடவே தொடாது. காய்ச்சல், அடிவயிற்று வலி, புண், இரத்தம் இருந்தால் ஃபார்மசிக்குப் போகாமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.

ஆறு மாத மருந்தை நிறுத்தியதும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடியும் வரும். அப்போது பழைய பெட்டியைத் தேடாமல், அரிப்பு தொடங்கிய நாளிலேயே போய் புதிதாக ஒரு மாதிரி கொடுங்கள். முன்பு அல்பிகன்ஸ் இருந்த இடத்தில் இப்போது கிளாப்ராட்டா இருக்கக்கூடும்.